ஒரு வீடு, நான்கு ஷீட்: ஆட்டோகேடில் லேயர்களை மறைப்பதும் காட்டுவதும்

ஆட்டோகேட் வரைபடத்தில் ஒரு லேயரைக் கண்ணிலிருந்து மறைக்க மூன்று வழிகள் உண்டு. லேயரை ஆஃப் செய்யலாம், ஃப்ரீஸ் செய்யலாம், அல்லது குறிப்பிட்ட ஒரு வியூபோர்ட்டுக்குள் மட்டும் ஃப்ரீஸ் செய்யலாம். மூன்றிலும் திரையில் கிடைப்பது ஒரே காட்சிதான். கோடுகள் காணாமல் போகின்றன. அதனாலேயே பலர் கைக்கு எது முதலில் அகப்படுகிறதோ அதை அழுத்திவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள். பிளாட் எடுத்துத் தளத்துக்கு அனுப்பிய பிறகு மின் இணைப்புப் படத்தில் விளக்குகளே இல்லை என்று எலக்ட்ரீஷியன் போன் செய்யும்போதுதான் மூன்றும் வெவ்வேறு காரியங்கள் என்பது தெரிய வருகிறது.

கணினி வருவதற்கு முன்பு ஒரு கட்டடத்தின் சுவர்களை ஒரு டிரேசிங் ஷீட்டிலும், மின் வேலையை அதன்மேல் வைத்த இன்னொரு ஷீட்டிலும், குழாய் வேலையை மூன்றாவதிலும் வரைந்து அடுக்கிப் பார்க்கும் பழக்கம் இருந்தது. லேயர் அந்த வேலையைத்தான் செய்கிறது. சுவர், கதவு, மேசை நாற்காலி, விளக்கு, குழாய் என ஒவ்வொன்றும் தனித்தனி லேயரில் இருக்கும். எல்லாம் சேர்ந்து மாடல் என்ற ஒரே இடத்தில், உண்மையான அளவில் வரையப்பட்டிருக்கும். அச்சிடப் போகும் தாள் வேறு. அதற்கு லேஅவுட் என்று பெயர். லேஅவுட்டில் வெட்டி வைத்த ஜன்னலைப் போன்றது வியூபோர்ட். அதன் வழியாக மாடல் ஒரு குறிப்பிட்ட ஸ்கேலில் தெரிகிறது. ஒரே மாடலை நான்கு லேஅவுட்டில் நான்கு வியூபோர்ட் வழியாகப் பார்க்கலாம். தாளில் வியூபோர்ட் வைத்து மாடலைக் காட்டும் வசதி 1990-இல் வந்த ரிலீஸ் 11 பதிப்பிலிருந்து ஆட்டோகேடில் இருக்கிறது.

இதன் பயன் திருத்தம் வரும்போது தெரியும். சமையலறைச் சுவரை வீட்டுக்காரர் அரை அடி தள்ளச் சொன்னால், மாடலில் ஒருமுறை நகர்த்தினால் போதும், நான்கு ஷீட்டிலும் நகர்ந்துவிடும். படத்தை நான்கு பிரதி எடுத்து ஒவ்வொன்றிலும் வேண்டாததை அழித்து வைத்திருப்பவர் நான்கு இடத்தில் நகர்த்த வேண்டும். அவற்றில் ஒன்று நிச்சயம் விட்டுப்போகும். ஆனால் ஒரே மாடலை நம்பி வேலை செய்ய வேண்டுமானால், எதை எங்கே மறைப்பது என்பதில் ஒழுங்கு வேண்டும்.

ஆஃப் வேறு, ஃப்ரீஸ் வேறு

ஒரு லேயரை ஆஃப் செய்தால் அதிலுள்ள பொருள்கள் திரையில் வரையப்படுவதில்லை, அச்சிலும் வருவதில்லை. அவ்வளவுதான். மற்ற எல்லா வகையிலும் அவை படத்தில் உயிரோடு இருக்கின்றன. படத்தை ரீஜென் செய்யும்போது ஆட்டோகேட் அவற்றையும் சேர்த்தே கணக்கிடுகிறது. ஃப்ரீஸ் செய்த லேயரை அது கணக்கிலேயே எடுப்பதில்லை. அதனால்தான் ஃப்ரீஸை நீக்கும்போது ஒரு ரீஜென் தேவைப்படுகிறது. மெதுவான கணினிகள் இருந்த காலத்தில் பெரிய படங்களில் இந்த வேறுபாடு நிமிடக்கணக்கில் தெரிந்தது. இன்றைய கணினியில் ஒரு வீட்டுப் படத்துக்கு வேகத்தைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. ஆனால் அந்தக் ‘கணக்கில் எடுப்பது’ வேறு மூன்று இடங்களில் இன்றும் வேலையைப் பாதிக்கிறது.

முதலாவது, படத்தின் எல்லை. மனைக்கு வெளியே நூறு மீட்டர் தள்ளி சர்வேயர் குறித்த ஒரு புள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த சர்வே லேயரை ஆஃப் செய்துவிட்டு ZOOM கட்டளையில் Extents கொடுத்தால், வீடு திரையின் ஒரு மூலையில் சுண்டுவிரல் நகம் அளவில் போய் நிற்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் புள்ளியையும் சேர்த்தே எல்லை கணக்கிடப்பட்டதுதான் காரணம். அதே லேயரை ஃப்ரீஸ் செய்துவிட்டு மீண்டும் கொடுத்தால் வீடு திரையை நிறைக்கும். வெற்றிடமாகத் தெரியும் பக்கத்தில் ஏதோ ஒளிந்திருக்கிறது என்பதற்கு இதுவே எளிய அடையாளம்.

இரண்டாவது, தேர்வு. இதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. ஒரு படத்தில் மின் லேயர்களை ஆஃப் செய்துவிட்டு, திரையில் தெரியும் பழைய வரைவை மொத்தமாக அழிக்க நினைத்து ஒருவர் இப்படித் தட்டுகிறார்:

```
ERASE
ALL
```

ALL என்பது ஃப்ரீஸ் ஆன லேயர்களையும் லாக் செய்த லேயர்களையும் மட்டுமே விட்டுவைக்கும். ஆஃப் ஆன லேயரில் உள்ளவை அழிந்துவிடும், அழிந்தது கண்ணில் படாமலே. Ctrl+A அழுத்தித் தேர்ந்தாலும் இதே கதைதான். MOVE கொடுத்திருந்தால் விளக்குகளும் சுவரோடு சேர்ந்து நகர்ந்திருக்கும்; சில நேரம் அதுதான் வேண்டியதாகவும் இருக்கலாம். வீட்டை முழுதாக இடம் மாற்றும்போது ஃப்ரீஸ் ஆன லேயர் மட்டும் பழைய இடத்திலேயே தங்கிவிடும். பின்னர் அதைத் திறந்தால் குழாய்கள் ஒரு பக்கமும் குளியலறை ஒரு பக்கமுமாகக் கிடக்கும். ஆகவே ஒட்டுமொத்தமாக அழிப்பதற்கு முன் மறைந்தவை ஃப்ரீஸில் இருக்க வேண்டும். ஒட்டுமொத்தமாக நகர்த்துவதற்கு முன் எதுவும் ஃப்ரீஸில் இருக்கக் கூடாது.

மூன்றாவது, பிளாக். புதிதாகக் கற்பவர்களை அதிகம் குழப்புவது இது. ஒரு வாஷ்பேசின் பிளாக்கின் வெளிவடிவம் P-FIXT என்ற லேயரிலும், அதன் குழாய்த்தலை P-TAPS என்ற லேயரிலும் வரையப்பட்டிருக்கிறது. அந்த பிளாக்கைப் படத்தில் வைக்கும்போது கரண்ட் லேயராக A-FURN இருந்தது. இப்போது பிளாக் A-FURN லேயரில் இருக்கிறது. அதற்குள் இருக்கும் கோடுகள் தத்தம் லேயரிலேயே இருக்கின்றன. A-FURN லேயரை ஆஃப் செய்தால் வாஷ்பேசின் அசையாமல் அங்கேயே நிற்கும், ஏனென்றால் உள்ளே இருக்கும் கோடுகளின் லேயர்கள் ஆன் நிலையில் உள்ளன. A-FURN லேயரை ஃப்ரீஸ் செய்தாலோ முழு வாஷ்பேசினும் மறைந்துவிடும். பிளாக் எந்த லேயரில் வைக்கப்பட்டதோ அது ஃப்ரீஸ் ஆனால் உள்ளே எந்த லேயர் இருந்தாலும் மொத்தமும் போய்விடும். ‘லேயரை அணைத்தாலும் அணைய மாட்டேன் என்கிறது’, ‘மேசை நாற்காலியை மறைத்தால் வாஷ்பேசினும் சேர்ந்து போகிறது’ என்ற இரண்டு புலம்பலுக்கும் விடை இந்த ஒரே விதியில் இருக்கிறது. பிளாக்கின் கோடுகளை 0 லேயரில் வரைந்திருந்தால் இந்தச் சிக்கல் எழாது. 0 லேயரில் உள்ள கோடு, பிளாக் வைக்கப்பட்ட லேயரின் குணத்தையே எடுத்துக்கொள்ளும். அந்த லேயரோடு அணையும், அந்த லேயரோடு எரியும்.

இன்னொரு சிறிய வேறுபாடும் உண்டு. கரண்ட் லேயரை ஃப்ரீஸ் செய்ய ஆட்டோகேட் அனுமதிக்காது. ஆஃப் செய்ய எச்சரித்துவிட்டு அனுமதிக்கும். அதை மறந்து வரையத் தொடங்கினால் போடும் கோடு போட்டவுடன் மறையும்.

ஷீட்டை முடிவு செய்ய வேண்டிய இடம்

ஆஃப், ஃப்ரீஸ் இரண்டுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு: இரண்டும் படம் முழுவதற்கும் பொருந்தும். மாடலில் விளக்கு லேயரை ஃப்ரீஸ் செய்தால் எல்லா லேஅவுட்டிலும், எல்லா வியூபோர்ட்டிலும் விளக்குகள் போய்விடும். ஒரு பொருள் ஒரு வியூபோர்ட்டில் தெரிய வேண்டுமென்றால் அதன் லேயர் ஆன் ஆக இருக்க வேண்டும், பொதுவாக ஃப்ரீஸ் ஆகாமல் இருக்க வேண்டும், அந்த வியூபோர்ட்டிலும் ஃப்ரீஸ் ஆகாமல் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று தடுத்தாலும் தெரியாது. பொது ஃப்ரீஸைத் தாண்டி ஒரு வியூபோர்ட்டில் மட்டும் லேயரைக் காட்ட வழி கிடையாது.

ஆகவே அனுபவமுள்ளவர்கள் கடைப்பிடிக்கும் ஒழுங்கு இது: ஷீட்டில் வர வேண்டிய எல்லா லேயரும் மாடலில் எப்போதும் ஆன் நிலையில், ஃப்ரீஸ் இல்லாமல் இருக்கும். எந்த ஷீட்டில் எது தெரிய வேண்டும் என்பது அந்தந்த வியூபோர்ட்டுக்குள் மட்டுமே முடிவாகும். மாடலில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பது கண்ணுக்கு உறுத்தலாக இருக்கும், உண்மைதான். வரையும்போது தற்காலிகமாகச் சிலவற்றை மறைக்கத் தேவைப்பட்டால் LAYISO, LAYOFF போன்ற கட்டளைகளைப் பயன்படுத்திக்கொண்டு, வேலை முடிந்ததும் LAYERP கொடுத்து முந்தைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும்.

ஒரு தரைத்தள வீட்டை எடுத்துக்கொள்ளலாம். அகலம் 9 மீட்டர், நீளம் 12 மீட்டர்; மில்லிமீட்டரில் வரையப்பட்டது. சுவர் A-WALL, கதவு ஜன்னல் A-DOOR, மேசை கட்டில் A-FURN, அளவுக்கோடுகள் A-DIMS, விளக்கும் மின்விசிறியும் E-LITE, பிளக் பாயின்ட் E-POWR, கழிவறைச் சாமான்கள் P-FIXT, குழாய் P-PIPE. நான்கு ஷீட் வேண்டும்: கொத்தனாருக்கு அளவுப் படம், வீட்டுக்காரருக்கு மேசை கட்டில் போட்ட படம், எலக்ட்ரீஷியனுக்கு ஒன்று, பிளம்பருக்கு ஒன்று.

1:50 ஸ்கேலில் இந்த வீடு தாளில் 180 மி.மீ. அகலமும் 240 மி.மீ. உயரமும் பிடிக்கும். A3 தாள் 420-க்கு 297. வீட்டை நிமிர்த்தி வைத்தால் பக்கத்தில் டைட்டில் பிளாக்குக்கும் குறியீட்டு அட்டவணைக்கும் தாராளமாக இடம் இருக்கிறது. முதல் லேஅவுட்டில் ஒரு வியூபோர்ட் போட்டு, ஸ்கேலை 1:50 என்று வைத்து, வியூபோர்ட்டை லாக் செய்துவிட வேண்டும். லாக் செய்யாவிட்டால் உள்ளே நின்று மவுஸ் சக்கரத்தை ஒருமுறை உருட்டினாலே ஸ்கேல் கலைந்துவிடும்.

பிறகு வியூபோர்ட்டுக்குள் இருமுறை கிளிக் செய்து உள்ளே போக வேண்டும். அதன் ஓரக்கோடு தடித்துத் தெரிந்தால் உள்ளே இருப்பதாகப் பொருள். இந்த ஒரு படியைத் தவறவிடுவதால்தான் பாதிப் பேருக்கு ‘VP Freeze வேலை செய்யவில்லை’ என்று தோன்றுகிறது. உள்ளே போகாமல் தாளின் மேல் நின்றபடி VP Freeze அழுத்தினால், அது தாளுக்குத்தான் பொருந்தும். அந்த லேயரில் தாளின் மேல் நேரடியாக வரைந்தவை மறையும், வியூபோர்ட்டுக்குள் ஒன்றும் மாறாது.

உள்ளே போன பிறகு LA தட்டினால் லேயர் பட்டியல் திறக்கும். மாடலில் இருந்தபோது இல்லாத சில பத்திகள் அதன் வலது ஓரத்தில் முளைத்திருக்கும்: VP Freeze, VP Color, VP Linetype, VP Lineweight முதலியவை. பட்டியல் குறுகலாக இருந்தால் வலப்புறம் நகர்த்தித்தான் பார்க்க முடியும். இடப்புறம் உள்ள Freeze பத்தி படம் முழுவதற்குமானது, வலப்புறம் உள்ள VP Freeze இந்த வியூபோர்ட்டுக்கு மட்டுமானது. அவசரத்தில் இடப்புறத்தை அழுத்திவிடுவதுதான் எலக்ட்ரீஷியனின் ஷீட் காலியாகப் போவதற்கு முதல் காரணம்.

அளவுப் படத்தில் மேசை நாற்காலி, மின்சாரம், குழாய் மூன்றும் வேண்டாம். பட்டியலில் ஒவ்வொன்றாக அழுத்தலாம். லேயர்கள் அதிகம் என்றால் கட்டளையாகத் தட்டுவது எளிது:

```
VPLAYER
F
A-FURN,E-*,P-PIPE
C
```

F என்பது ஃப்ரீஸ். E-* என்பது E- என்று தொடங்கும் எல்லா லேயரையும் குறிக்கும். கடைசியில் உள்ள C, இப்போது நிற்கும் வியூபோர்ட்டுக்கு மட்டும் என்று பொருள்படும். எல்லா வியூபோர்ட்டுக்கும் வேண்டுமென்றால் அந்த இடத்தில் A. பிறகு ஒரு Enter தட்டினால் கட்டளை முடியும். லேயர் பெயர்களை ஒழுங்கான முன்னெழுத்தோடு வைத்தவருக்கு இங்கே பலன் கிடைக்கிறது. ‘விளக்கு1’, ‘புதுசு’, ‘Layer7’ என்று பெயர் வைத்தவர் ஒவ்வொன்றாகத் தேடித்தான் ஆக வேண்டும்.

முதல் ஷீட் முடிந்ததும் லேஅவுட் டேபில் வலது கிளிக் செய்து அதன் பிரதியை எடுத்தால், வியூபோர்ட்டின் ஸ்கேலும் அதில் செய்த ஃப்ரீஸும் அப்படியே வந்துவிடும். ஒரு ஷீட்டுக்குள்ளேயே வியூபோர்ட்டை COPY செய்தாலும் வரும். ஆனால் ஒரு வியூபோர்ட்டிலிருந்து இன்னொன்றுக்கு MATCHPROP செய்தால் ஸ்கேல் போன்றவை வருமே தவிர ஃப்ரீஸ் நிலை வராது. பிரதி எடுத்த ஷீட்டில் A-DIMS லேயரை ஃப்ரீஸ் செய்து A-FURN லேயரைத் திறந்தால் வீட்டுக்காரரின் ஷீட் தயார். அடுத்த பிரதியில் A-DIMS, A-FURN, P-PIPE மூன்றையும் மறைத்து E- லேயர்களைத் திறந்தால் எலக்ட்ரீஷியனுடையது. பிளம்பருடையதும் இதே வகையில்தான்.

ஒரே சுவர், இரண்டு தடிமன்

எலக்ட்ரீஷியனின் ஷீட்டில் சுவரை மறைக்க முடியாது. எந்த அறையில் எந்த விளக்கு என்று தெரிய வேண்டும். ஆனால் அளவுப் படத்தில் இருப்பதுபோல 0.50 மி.மீ. தடிமனில் சுவர் கறுத்து நின்றால் விளக்குக் குறிகள் அதில் அமுங்கிப்போகும். சுவர் அங்கே மெல்லியதாக, சாம்பல் நிறத்தில் பின்னால் இருக்க வேண்டும். ஆட்டோகேட் 2008 பதிப்பில் வந்த வியூபோர்ட் ஓவர்ரைடு இதற்காகத்தான். அந்த வியூபோர்ட்டுக்குள் நின்று A-WALL வரிசையில் VP Color பத்தியில் 8 என்ற சாம்பல் நிறத்தையும், VP Lineweight பத்தியில் 0.13 என்ற தடிமனையும் தேர்ந்தால் போதும். அளவுப் படத்தில் சுவர் பழையபடியே 0.50-இல் இருக்கும். மாடலிலும் ஒன்றும் மாறாது. ஓவர்ரைடு உள்ள வரிசையின் பின்னணி லேயர் பட்டியலில் வேறு நிறத்தில் தெரியும். எங்கே மாற்றம் செய்யப்பட்டிருக்கிறது என்பதை அதை வைத்துக் கண்டுகொள்ளலாம்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சுவர்க்கோட்டின் நிறம் ByLayer என்று இருக்க வேண்டும். யாரோ ஒருவர் சில கோடுகளைத் தேர்ந்து அவற்றுக்கு நேரடியாகச் சிவப்பு கொடுத்திருந்தால், லேயரின் ஓவர்ரைடு அவற்றைத் தொடாது. சாம்பல் சுவருக்கு நடுவே இரண்டு சிவப்புக் கோடுகள் துருத்திக்கொண்டு நிற்கும். இது ஓவர்ரைடின் குறையல்ல, வரைந்தவரின் பழக்கத்தால் வந்தது. SETBYLAYER கட்டளையால் அத்தகைய கோடுகளை ஒட்டுமொத்தமாக லேயரின் பொறுப்பில் திருப்பிவிடலாம்.

திரையில் சரியாக இருந்தும் அச்சில் கைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. பல அலுவலகங்களில் கறுப்பு வெள்ளை அச்சுக்கு monochrome.ctb என்ற பிளாட் ஸ்டைலைப் பயன்படுத்துகிறார்கள். அது 1 முதல் 255 வரையுள்ள எல்லா நிறத்தையும் கறுப்பாக்கி அச்சிடும். 8-ஆம் நிறமும் அதில் அடக்கம். ஆக, திரையில் சாம்பலாகத் தெரிந்த சுவர் தாளில் கன்னங்கரேல் என்று வரும். தடிமன் மட்டும் 0.13 ஆகக் குறைந்திருக்கும். இதற்கு நல்ல தீர்வு, அலுவலகத்துக்கென ஒரு சி.டி.பி. கோப்பை வைத்துக்கொண்டு அதில் 8-ஆம் நிறத்துக்கு மட்டும் ஸ்கிரீனிங்கை 50 என்று குறைப்பது. அப்போது அந்த நிறம் பாதி அடர்த்தியில் விழும். VP Transparency மூலமும் மங்கலாக்கலாம். ஆனால் பிளாட் பெட்டியில் Plot transparency என்பதை டிக் செய்ய மறந்தால் அது அச்சில் வராது. வேறு சில அலுவலகங்களின் சி.டி.பி. கோப்பில் தடிமனே நிறத்தை வைத்துத்தான் தீர்மானிக்கப்பட்டிருக்கும். அங்கே VP Lineweight மாற்றுவதில் பலனில்லை, VP Color மாற்றினாலே தடிமனும் மாறிவிடும். அலுவலகம் எந்த முறையில் அச்சிடுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் ஓவர்ரைடில் இறங்கக் கூடாது.

லேயர் ஸ்டேட்

தரைத்தளத்துக்கு நான்கு ஷீட் ஆயிற்று. அதே கோப்பில் பக்கத்திலேயே முதல் தளமும் வரையப்பட்டிருக்கிறது, அதே லேயர்களில். அதற்கும் நான்கு ஷீட் வேண்டும். செய்ததையெல்லாம் மறுபடி செய்ய வேண்டாம் என்பதற்காக இருப்பதுதான் லேயர் ஸ்டேட். ஒரு நேரத்தில் எல்லா லேயரும் எந்த நிலையில் இருந்தன என்பதை ஒரு பெயர் கொடுத்து எழுதி வைப்பது அது: எது ஆன், எது ஃப்ரீஸ், எது லாக், என்ன நிறம், என்ன தடிமன், இந்த வியூபோர்ட்டில் எது மறைந்திருக்கிறது என்பதெல்லாம் அதில் அடங்கும்.

எலக்ட்ரீஷியன் ஷீட்டின் வியூபோர்ட்டுக்குள் போய், LAYERSTATE கட்டளை கொடுத்து, New அழுத்தி, ELEC என்று பெயர் வைத்துச் சேமிக்க வேண்டும். முதல் தளத்தின் புதிய வியூபோர்ட்டுக்குள் போய் அதே பெட்டியில் ELEC என்பதைத் தேர்ந்து Restore அழுத்தினால் மறைவதெல்லாம் மறையும், சுவர் சாம்பலாகும். பெட்டியை விரித்தால் Apply properties as viewport overrides என்று ஒரு டிக் இருக்கும். நிறமும் தடிமனும் இந்த வியூபோர்ட்டோடு நிற்க வேண்டுமானால் அது டிக் ஆகியிருக்க வேண்டும். வியூபோர்ட்டுக்குள் நிற்கும்போதுதான் அந்த வசதி கிடைக்கும். ஸ்டேட்டை .las என்ற கோப்பாக வெளியே எடுத்து வேறு படத்திலும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே வகை லேயர் பெயர்களைப் பயன்படுத்தும் அலுவலகத்துக்கு அது பெரிய சேமிப்பு.

மீட்கும் இடத்தைப் பொறுத்து விளைவு மாறும் என்பதை மறக்கக் கூடாது. மாடலில் நின்று சேமித்த ஸ்டேட்டை ஒரு வியூபோர்ட்டில் மீட்டால், மாடலில் ஆஃப் அல்லது ஃப்ரீஸ் ஆக இருந்த லேயர்கள் அந்த வியூபோர்ட்டில் மட்டும் VP Freeze ஆகும். இது பயனுள்ளது. இதற்கு நேர்மாறாகச் செய்தால் ஆபத்து. வியூபோர்ட்டில் சேமித்த ELEC ஸ்டேட்டை மாடலில் நின்று மீட்டால், அந்த வியூபோர்ட்டில் மறைந்திருந்தவை மாடலிலேயே ஃப்ரீஸ் ஆகும். சாம்பல் நிறம் சுவரின் பொது நிறமாகிவிடும். அளவுப் படத்தில் அளவுகளே இருக்காது, குழாய்ப் படத்தில் குழாய் இருக்காது. இந்த விபத்துக்குக் காப்பாக, முதல் ஷீட் போடும் முன்பே மாடலில் எல்லாம் திறந்திருக்கும் நிலையில் BASE என்று ஒரு ஸ்டேட்டைச் சேமித்து வைப்பது நல்லது. யார் எதைக் கலைத்தாலும் மாடலுக்குப் போய் BASE ஸ்டேட்டை மீட்டால் பொது நிலை சரியாகிவிடும்.

லேயர் ஸ்டேட் சேமித்த நேரத்து நிலையை மட்டும் வைத்திருக்கும். பிறகு ஷீட்டில் செய்யும் மாற்றம் தானாக அதில் ஏறாது. வியூபோர்ட்டில் இன்னொரு லேயரை மறைத்தால் ஸ்டேட்டையும் Update செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை மீட்கும்போது அந்த மாற்றம் போய்விடும்.

சேமித்த பிறகு புதிதாகப் பிறந்த லேயரும் ஸ்டேட்டில் இராது. நான்கு ஷீட்டும் முடிந்த பின் வீட்டுக்காரர் ஏ.சி. வேண்டும் என்கிறார். E-ACON என்று ஒரு லேயர் போட்டு மாடலில் வரைந்தவுடன் அது கொத்தனாரின் ஷீட், பிளம்பரின் ஷீட் என எல்லா இடத்திலும் தோன்றிவிடும். புதிய லேயர் எந்த வியூபோர்ட்டிலும் ஃப்ரீஸ் ஆகாமல்தான் பிறக்கிறது. லேயர் பட்டியலின் மேலே, வழக்கமான New Layer பொத்தானுக்குப் பக்கத்தில் New Layer VP Frozen in All Viewports என்று இன்னொரு பொத்தான் இருக்கிறது. அதன் வழியாகப் போட்ட லேயர் ஏற்கெனவே உள்ள எல்லா வியூபோர்ட்டிலும் மறைந்தே பிறக்கும். பிறகு எலக்ட்ரீஷியன் ஷீட்டில் மட்டும் திறந்துவிட்டால் போதும். ஷீட் அமைத்த பிறகு சேர்க்கும் லேயர் எதையும் இந்தப் பொத்தான் வழியாகவே சேர்ப்பது என்று பழகிக்கொண்டால் அச்சடித்த தாளில் எதிர்பாராத கோடுகள் வராது.

சுவர்ப்படம் வேறொரு கோப்பிலிருந்து எக்ஸ்ரெஃப் ஆக வந்திருந்தால் அதன் லேயர்கள் PLAN|A-WALL என்பதுபோல் தெரியும். அவற்றையும் வியூபோர்ட்டில் ஃப்ரீஸ் செய்யலாம், ஓவர்ரைடு கொடுக்கலாம். ஆனால் VISRETAIN என்ற மாறி 1 ஆக இருக்க வேண்டும். 0 ஆக இருந்தால், எக்ஸ்ரெஃப் மறுபடி ஏற்றப்படும்போது செய்ததெல்லாம் போய், மூலக் கோப்பில் உள்ள நிலை வந்துவிடும். நேற்று மாலை சரியாக இருந்த ஷீட் இன்று காலை திறந்ததும் கலைந்திருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

மற்றபடி, ஒரு ஷீட்டில் ஏதோ ஒன்று தெரியவில்லை என்றால் தேடும் வரிசை எப்போதும் ஒன்றே. மற்ற ஷீட்களிலும் அது தெரியவில்லையா என்று முதலில் பார்க்க வேண்டும். எங்குமே தெரியவில்லை என்றால் கோளாறு மாடலில். அந்த லேயரின் ஆன், ஃப்ரீஸ் நிலையைப் பார்க்க வேண்டும். அந்த ஒரு ஷீட்டில் மட்டும் தெரியவில்லை என்றால் வியூபோர்ட்டுக்குள் போய் VP Freeze பத்தியைப் பார்க்க வேண்டும். லேயர் திறந்திருந்தும் பொருள் தெரியவில்லை என்றால் அது ஒரு பிளாக்குக்குள் இருக்கிறது, பிளாக் வைக்கப்பட்ட லேயர் ஃப்ரீஸில் இருக்கிறது. திரையில் தெரிந்து தாளில் வரவில்லை என்றால் லேயர் பட்டியலின் Plot பத்தியில் அச்சு தடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; லேயர் Defpoints என்றால் அது எப்படியும் அச்சாகாது. நிறம் மட்டும் தவறாக வந்தால் VPLAYEROVERRIDESMODE என்பதை 0 ஆக்கிப் பார்க்கலாம். அது எல்லா ஓவர்ரைடையும் அழிக்காமல் நிறுத்தி வைக்கும். நிறம் சரியானால் கோளாறு ஓவர்ரைடில் இருக்கிறது. பார்த்து முடித்ததும் அதை மறக்காமல் 1 ஆக்கிவிட வேண்டும். 0-விலேயே விட்டுவிட்டால் எந்த ஷீட்டிலும் சுவர் சாம்பலாக வராது.